கேமரா நடக்கும் வழியில் குரல்: வீடு காட்டும் வீடியோவுக்கு உரை எழுதும் முறை

விற்பனைக்கோ வாடகைக்கோ வரும் வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோவில், கேமரா வாசலில் தொடங்கி அறை அறையாக உள்ளே போகிறது. கூடவே ஒரு பின்னணிக் குரல் வருகிறது. பார்ப்பவர் ஒரு நேரத்தில் வீட்டின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார். சமையலறை திரையில் இருக்கும்போது ஹால் மறைந்துவிட்டது. படுக்கையறை இன்னும் வரவில்லை. இந்தத் துண்டுகளை எல்லாம் ஒட்டவைத்து, வீட்டின் அமைப்பை அவர் மனத்தில் ஒரே வரைபடமாக ஆக்கித் தருவதுதான் குரலின் முதல் வேலை. கேமராவுக்குத் தெரியாத விவரங்களைச் சொல்வது இரண்டாவது வேலை. கேமரா போகும் வரிசையிலேயே குரலும் போனால்தான் இரண்டும் நடக்கும். படத்தில் குளியலறை தெரியும்போது குரல் சமையலறை மேடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், பார்ப்பவர் கண்ணை நம்பிவிட்டுக் காதை விட்டுவிடுவார். சொன்னதெல்லாம் வீணாகும்.

வரிசை கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். உரையை எழுதுபவர் வீட்டின் விளம்பரக் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறார். அந்தக் குறிப்பு 'இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, ஒரு பால்கனி, மூடிய கார் நிறுத்தம்' என்று வகை பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். கேமரா வகை பிரித்துப் போவதில்லை. கதவு திறக்கும் வழியில் போகிறது. ஆகவே உரை எழுத உட்காருபவரின் மேசையில் முதலில் இருக்க வேண்டியது வீட்டின் தரைப் படம். அதில் திசை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கேமரா போகப்போகும் வழியை ஒரு கோடாக வரைந்திருக்க வேண்டும்.

சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். வாசல் கிழக்கு பார்த்தது. உள்ளே நுழைபவர் மேற்கு நோக்கி நடக்கிறார். நுழைந்ததும் நீளமான ஹால். வலக்கைப் பக்கம், வடகிழக்கு மூலையில் பூஜைக்கு ஒதுக்கிய இடம். அதைத் தாண்டி வடக்குச் சுவரில் பால்கனிக் கதவு. இடக்கைப் பக்கம், தென்கிழக்கில் சமையலறை. அதன் பின்னால் வாஷிங் மெஷின் வைக்கும் யூட்டிலிட்டி. ஹாலின் மேற்குக் கோடியில் ஒரு குறுகிய நடைவழி. அதன் முடிவில் நேரே பொதுக் குளியலறை, இடப்பக்கம் தென்மேற்கில் பெரிய படுக்கையறை, வலப்பக்கம் வடமேற்கில் சின்னப் படுக்கையறை.

இந்த வீட்டில் வழியைத் தீர்மானிப்பது இரண்டு இடங்களில் யோசிக்கவைக்கும். ஒன்று, பால்கனி. ஹாலுக்குள் நுழைந்த சில நொடிகளிலேயே அதன் கதவு கண்ணில் படும். உடனே அங்கே போய்விட்டால் வீடியோ வெளிச்சத்தை முதலிலேயே செலவழித்துவிடும். பிறகு வருவது எல்லாம் மங்கலாகத் தோன்றும். கடைசியில் போவது நல்லது. ஆனால் கண்ணில் பட்ட கதவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்தால் பார்ப்பவருக்கு அது உறுத்தும். 'கடைசியில் அங்கே போகலாம்' என்ற மூன்று சொற்கள் போதும், அவர் காத்திருப்பார். இரண்டாவது, சமையலறை. அதற்குள் போனால் வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பி வருவதைப் படத்தில் விடுவதா, வெட்டிவிடுவதா? வெட்டினால் நேரம் மிச்சம். ஆனால் பார்ப்பவர் சமையலறையிலிருந்து திடீரென்று நடைவழிக்கு வந்து நிற்பார். அந்த இடத்தில் வரைபடம் அறுந்துபோகும். ஐந்தாறு விநாடி செலவானாலும் திரும்பி வருவதைக் காட்டுவதே சரி.

வழி முடிவானதும் படப்பிடிப்பு. சொற்களை எழுதுவது அதற்குப் பிறகுதான். முன்கூட்டியே முழு உரையையும் எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ப நடக்கச் சொன்னால், கேமராவைப் பிடிப்பவர் இடுக்கில் நெளிவார், கதவைத் திறக்கத் தாமதிப்பார், நேரம் எழுதியதற்கு ஒத்துவராது. அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிய முதல் வடிவம் கையில் வந்த பிறகு, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். எந்த விநாடியில் வாசற்படி தாண்டப்படுகிறது, எப்போது கேமரா திரும்புகிறது, எப்போது மேலே பார்க்கிறது என்பதே அதில் இருக்க வேண்டியது. மாதிரி வீட்டுக்கு அந்தப் பட்டியல் இப்படி அமையலாம்:

0:00–0:10 கட்டடத்தின் முகப்பு
0:10–0:16 வீட்டு வாசல், கதவு திறக்கிறது
0:16–0:44 ஹால்
0:44–1:12 சமையலறை, யூட்டிலிட்டி
1:12–1:18 ஹாலுக்குத் திரும்புதல்
1:18–1:26 நடைவழி, பொதுக் குளியலறை
1:26–1:46 சின்னப் படுக்கையறை
1:46–2:20 பெரிய படுக்கையறை, அதன் குளியலறை
2:20–2:40 ஹால் வழியாகப் பால்கனி

இனி ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சொல் என்ற கணக்கு. நிதானமாகப் படிக்கும் தமிழ்க் குரல் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சொற்கள் வரை பேசும். தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். 'படுக்கையறைகளுக்கு' என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்தான். வாயில் பத்து எழுத்து. ஆகவே ஆங்கில உரைகளுக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் இடிக்கும். எழுதியதைக் கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் நம்பகமான அளவு.

28 விநாடி ஹாலுக்கு 45 சொல் வரை எழுத இடம் இருப்பதுபோலத் தோன்றும். அவ்வளவும் எழுதக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நேரத்தைப் பேச்சுக்கு வைத்துவிட்டு மீதியை வெறுமனே விட வேண்டும். பார்ப்பவருக்குத் தன் சோபாவை அந்தச் சுவரோரம் மனத்தால் போட்டுப் பார்க்க அவகாசம் தேவை. பேச்சு நிற்கும்போதுதான் அது நடக்கும். இன்னொரு காரணம் தொழில் சார்ந்தது. ஹாலில் குரல் மூன்று விநாடி நீண்டுவிட்டால் சமையலறைப் பேச்சு மூன்று விநாடி தாமதமாகத் தொடங்கும். அங்கேயும் இடைவெளி இல்லையென்றால் தாமதம் அடுத்த அறைக்குப் போகும். ஒவ்வோர் அறையிலும் கூடிக்கொண்டே வரும். ஒவ்வோர் அறையின் கடைசியிலும் விட்டுவைத்த மௌனம் இந்தத் தாமதத்தை அங்கேயே விழுங்கிவிடும்.

நேரம் போதவில்லையென்றால் சொல்லைக் குறைக்க வேண்டும். வேகமாகப் படிப்பது தீர்வாகாது. எண்களும் திசைகளும் நிறைந்த உரையை வேகமாகக் கேட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. படத்தின் வேகத்தைக் குறைத்து இடம் பண்ணுவதும் சரியாக வராது. காற்றில் ஆடும் ஜன்னல் திரையும், தெருவில் போகும் ஆளும் மெதுவாக நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வாக்கியத்தின் அமைப்பு. தமிழில் எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். தமிழில் அடைமொழி முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினை கடைசியில் வரும். அச்சில் படிக்கும்போது இது சுகமாக இருக்கும். 'கிழக்கு பார்த்த மேடையும், சுவர் முழுக்கப் பரணும், பின்னால் வாஷிங் மெஷினுக்குத் தனி இடமும் கொண்ட வசதியான சமையலறை' என்ற தொடரைக் காதால் கேட்பவர், எந்த அறையைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துகொள்ளக் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். ஏழெட்டு விநாடி ஓடிவிடும். அதற்குள் கேமரா மேடையைத் தாண்டிப் பரணைக் காட்டி யூட்டிலிட்டிக்குள் போயிருக்கும். 'சமையலறை' என்ற சொல் விழும்போது திரையில் இருப்பது வாஷிங் மெஷின் குழாய்.

இதற்கு மருந்து எளியது. அறையின் பெயரை முதலில், தனியாக, ஒரே சொல் வாக்கியமாக வைத்துவிட வேண்டும். 'சமையலறை.' அதன் பிறகு கேமரா காட்டும் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வாக்கியம். மேடை. பரண். யூட்டிலிட்டி. ஒவ்வொரு வாக்கியமும் காட்டப்படும் பொருளின் பெயரோடு தொடங்கினால், எடிட்டிங்கில் அந்தப் பெயரை அந்தப் பொருள் திரைக்கு வரும் விநாடியோடு பொருத்தலாம். தமிழ் இதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. 'ஜன்னல் தெற்கில்' என்று வினையே இல்லாமல் முடித்தாலும் வாக்கியம் நிற்கும்.

பெயர் எந்த நொடியில் விழ வேண்டும்? கேமரா நிலைப்படியைத் தாண்டும் நொடியில். அரை விநாடி முந்தினாலும் பாதகமில்லை. குரல் கதவைத் திறந்துவிடுவதுபோல் இருக்கும். பிந்தினால் உறுத்தும். ஆனால் அறையின் உள்விவரங்கள் முந்தக் கூடாது. பரண் திரைக்கு வருமுன் பரணைப் பற்றிச் சொன்னால் பார்ப்பவர் படத்தில் அதைத் தேடத் தொடங்குவார். தேடும்போது காட்டப்படுவதைப் பார்க்க மாட்டார்.

பெயர் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஹால் என்று ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் வரவேற்பறை என்றும், கூடம் என்றும் மாற்றினால் கேட்பவர் மூன்று அறை இருப்பதாக எண்ணுவார். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது சலிப்புத் தரலாம். இங்கே அதுதான் தெளிவு. ஹால், பால்கனி, அட்டாச்டு பாத்ரூம் என்று வீடு தேடுபவர் வாயில் வழங்கும் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். தரைப் படத்திலும் அதே பெயரைப் போட்டுவிடுவது நல்லது.

அறைகளை வரிசையாகச் சொல்லிவிட்டாலே வரைபடம் உருவாகிவிடாது. ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். இதில் இடம், வலம் என்ற சொற்கள் அடிக்கடி ஏமாற்றும். மாதிரி வீட்டில் ஹாலுக்குள் நுழையும்போது நடைவழி நேரே இருந்தது. சமையலறைக்குள் போய்த் திரும்பி வெளியே வரும்போது கேமரா வடக்கு பார்க்கிறது. இப்போது நேரே இருப்பது பால்கனி, நடைவழி இடப்பக்கம் ஆகிவிட்டது. நுழையும்போது வலப்பக்கம் இருந்த பால்கனி, படுக்கையறைகளைப் பார்த்துவிட்டுக் கிழக்கு நோக்கித் திரும்பி வரும்போது இடப்பக்கம் வந்துவிடும். தரைப் படத்தைப் பார்த்து எழுதுபவர் இதில் தவறுவது சாதாரணம். அவர் காகிதத்தின் வலத்தைச் சொல்வார். பார்ப்பவர் திரையின் வலத்தைப் பார்ப்பார். ஆகவே இடம், வலம் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த விநாடியின் படத்தை நிறுத்திப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

திசைகள் மாறுவதில்லை என்பதால் அவற்றை மட்டுமே சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் தனியாகப் போதாது. திரையைப் பார்ப்பவருக்கு எது வடக்கு என்று தெரியாது. இரண்டையும் இணைத்துவிடுவதே வழி. வாசலில் ஒரு தடவை 'வாசல் கிழக்கு பார்த்தது' என்று ஊன்றிச் சொல்லிவிட்டு, பிறகு திருப்பங்களுக்கு இடம், வலம் என்றும், ஜன்னல், மேடை, சுவர் ஆகியவற்றுக்குத் திசை என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தமிழ்நாட்டில் வீடு பார்ப்பவர்களில் பலர் வாஸ்து பார்ப்பவர்கள். பார்க்காதவர்களுக்கும் மேற்கு வெயிலும் தென்றலும் முக்கியம். திசையைச் சொன்னால் இரு சாராரும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பைக் குரல் சொல்ல வேண்டியதில்லை.

எதைச் சொல்வது என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் தெரிந்துவிடும் எதையும் குரல் சொல்லத் தேவையில்லை. 'இங்கே ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது' என்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. குழாய் தெரியும், அதில் வருவது குடிநீரா, போர் தண்ணீரா என்று தெரியாது. 'அழகான', 'விசாலமான', 'அருமையான' போன்ற சொற்கள் படத்தோடு போட்டி போட்டுத் தோற்பவை. அவற்றை எடுத்துவிட்டால் கிடைக்கும் விநாடிகளில் ஓர் அளவைச் சொல்லிவிடலாம்.

அளவு சொல்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், படம் அளவில் பொய் சொல்லும். சின்ன அறைக்குள் நின்று எடுக்க வைட் ஆங்கிள் லென்ஸ் தேவைப்படுகிறது, செல்போனில் 0.5 என்று காட்டும் லென்ஸ் அந்த வகை. அது அருகில் இருப்பதைப் பெரிதாக்கும், எதிர்ச் சுவரைத் தள்ளிவைக்கும். பத்தடி அறை பதினைந்தடி போலத் தெரியும். நேரில் வருபவர் கதவருகே நின்றதும் முகம் சுருங்குவதற்கு இதுதான் காரணம். 'பதினொன்றுக்குப் பத்து' என்று குரல் சொல்லிவிட்டால் லென்ஸ் செய்ததை எண் சரிசெய்துவிடும். கேட்பவருக்கு எண்ணைவிடப் பயன் எளிதில் புரியும் என்பதால், 'இரண்டாள் கட்டில் போட்டாலும் சுற்றி நடக்க இடம் இருக்கும்' என்று ஓர் அறைக்காவது சேர்த்துச் சொல்வது நல்லது. அதைச் சொல்லுமுன் கட்டிலின் அளவைத் தரையில் நாடா வைத்து அளந்து பார்த்திருக்க வேண்டும்.

குறைகளையும் அவை வரும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். மாதிரி வீட்டின் சின்னப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கிறது. கேமராவைச் சற்றுத் திருப்பினால் அது தெரியாது. ஆனால் நேரில் வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வீடியோவில் மறைத்ததால் வந்து பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் உரிமையாளரின் நேரத்தையும் தரகரின் நேரத்தையும் தங்கள் நேரத்தையும் இழக்கிறார்கள். மற்ற நல்ல விவரங்களின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு இது சட்ட விஷயமும்கூட. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். வாங்குபவர் விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். குரல் சொல்லும் சொல்லும் விளம்பரத்தின் பகுதிதான். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. நீளமான எண்ணையும் முகவரியையும் வாயால் படித்தால் யாருக்கும் நிற்காது. அவற்றை நன்றாகப் படிக்கும்படி திரையில் போடுவதே உகந்தது.

இவ்வளவையும் மனத்தில் வைத்து எழுதினால் மாதிரி வீட்டின் உரை எப்படி வரும் என்று பார்க்கலாம். முகப்புக்குப் பத்து விநாடி: 'மூன்று மாடிக் கட்டடம், லிப்ட் உண்டு. வீடு இரண்டாவது மாடியில்.' வாசலில் ஆறு விநாடி: 'வாசல் கிழக்கு பார்த்தது.' மீதி நேரம் கதவு திறக்கும் ஓசைக்கு.

ஹால்: 'இது ஹால். நீளம் இருபது அடி, அகலம் பதினொன்று. வலப்பக்கம், ஈசானிய மூலையில் பூஜைக்கான இடம். அதைத் தாண்டிப் பால்கனி. கடைசியில் அங்கே போகலாம். நேரே தெரிவது படுக்கையறைகளுக்குப் போகும் வழி.' இருபத்து மூன்று சொற்கள். பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். மிச்சம் பதின்மூன்று விநாடி ஹாலைப் பார்ப்பதற்கு.

சமையலறைக்குள் கேமரா தெற்கு பார்த்து நுழைகிறது: 'சமையலறை. எட்டடிக்கு ஒன்பதடி. மேடை இடப்பக்கம், நின்று சமைப்பவர் கிழக்கைப் பார்ப்பார். குடிநீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய். மேலே சுவர் முழுக்கப் பரண். நேரே யூட்டிலிட்டி, வாஷிங் மெஷினுக்கு இணைப்பு உண்டு. துணி காயப்போட இங்கே இடம் இல்லை. அதற்கு மொட்டை மாடிதான்.' இதில் 'மேலே' என்ற சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தில் கேமரா அந்த விநாடியில் மேலே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும், அல்லது பரணைத் தனி ஷாட்டாக எடுத்துச் சேர்க்க வேண்டும்.

திரும்பி வரும் ஆறு விநாடிக்கு நான்கே சொல்: 'இடப்பக்கம் திரும்பினால் படுக்கையறைகள் இரண்டும்.' முழு உரையிலும் பார்ப்பவர் வழி தவறக்கூடிய இடம் இது ஒன்றுதான். இந்த வாக்கியம் கேமரா திரும்பத் தொடங்குமுன் முடிந்துவிட வேண்டும்.

அடுத்து, 'நேரே பொதுக் குளியலறை. வெஸ்டர்ன் கழிப்பறை, கீஸருக்கு இணைப்பு உண்டு.' பிறகு வலப்பக்கம்: 'சின்னப் படுக்கையறை. பதினொன்றுக்குப் பத்து. வடக்குச் சுவர் முழுக்க அலமாரி. ஜன்னல் மேற்கில், எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் என்பதால் பகலிலும் விளக்கு தேவைப்படலாம்.' அங்கிருந்து வெளியே வந்தால் நேர் எதிரே மற்ற அறையின் கதவு: 'பெரிய படுக்கையறை. பன்னிரண்டுக்குப் பதினொன்று. இரண்டாள் கட்டில் போட்டாலும் சுற்றி நடக்க இடம் இருக்கும். ஜன்னல் தெற்கில். வலப்பக்கக் கதவு அட்டாச்டு பாத்ரூமுக்கு. அதன் வெளிச்சமும் காற்றும் மேற்குச் சுவரின் வென்டிலேட்டர் வழியாக.'

கடைசிப் பகுதியில் கேமரா கிழக்கு நோக்கி ஹாலுக்கு வருகிறது: 'மீண்டும் ஹால். இடப்பக்கம் பால்கனி, எட்டுக்கு நான்கு. கீழே முப்பதடித் தெரு. வீட்டின் கார்பெட் ஏரியா அறுநூற்று அறுபது சதுர அடி. பால்கனி அதில் சேரவில்லை.' மொத்தப் பரப்பை இங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் சொல்லும் சதுர அடி வெறும் எண். எல்லா அறைகளையும் பார்த்த பிறகு சொல்லும்போது அந்த எண்ணுக்கு உருவம் கிடைக்கிறது. மேலும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப்படி கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் பயன்படும் தரைப் பரப்பு. உள்தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர்களும் பால்கனியும் சேரா. பால்கனியில் நிற்கும்போதே அதைச் சொல்லிவிட்டால் விளக்கம் தேவைப்படாது. படிக்கட்டு, லிப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் கூட்டிச் சொல்லும் சூப்பர் பில்ட் அப் பரப்பை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது வாங்குபவரைத் தவறாக நினைக்கவைக்கும். மனையில் வீட்டுக்குரிய பிரிபடாத பங்கை, அதாவது யுடிஎஸ்ஸை, திரையில் எழுத்தாகப் போடலாம்.

உரையில் எண்கள் எல்லாம் எழுத்தால் எழுதப்பட்டிருப்பது படிப்பவருக்காக. '11 x 10' என்று தாளில் இருந்தால் ஒருவர் 'பதினொன்று இன்ட்டு பத்து' என்பார், இன்னொருவர் தயங்குவார். வாயில் எப்படி வர வேண்டுமோ அப்படியே தாளில் இருப்பது பாதுகாப்பு. அதேபோல் பேச்சு நடையா, எழுத்து நடையா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். 'இருக்குங்க, பாருங்க' என்று பேச்சு நடையில் போனால் முழுவதும் அப்படியே போகட்டும். ஓர் அறையில் 'அமைந்துள்ளது', அடுத்த அறையில் 'இருக்குங்க' என்று வந்தால் இரண்டு பேர் வீடு காட்டுவதுபோல் இருக்கும்.

ஒலிப்பதிவில் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றுதான்: அறைக்கு ஒரு கோப்பு. முழு உரையையும் ஒரே மூச்சில் படித்துப் பதிந்தால், எங்கேயாவது ஒரு விநாடி நகர்த்தவேண்டி வரும்போது எடிட்டர் வாக்கியத்தின் நடுவில் வெட்ட நேரிடும். ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று பதிந்து, ஒவ்வொன்றையும் அதன் நிலைப்படி விநாடியில் வைத்தால் வேலை சுலபம். காலி வீட்டில் வைத்துப் பதியக் கூடாது. வெறுஞ்சுவர்கள் குரலை எதிரொலிக்கும். மெத்தையும் துணிகளும் நிறைந்த ஓர் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினால் செல்போன் பதிவே போதுமானதாக இருக்கும்.

முடிந்ததைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. வீட்டைப் பார்த்திராத ஒருவரைப் படம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கச் செய்து, தரைப் படத்தைத் தோராயமாக வரையச் சொல்லலாம். சமையலறையும் பெரிய படுக்கையறையும் சரியான மூலையில் விழுந்தால் உரை தன் வேலையைச் செய்கிறது. நடைவழியை வலப்பக்கம் வரைந்துவிட்டால், சமையலறையிலிருந்து திரும்பும் இடத்தில் சொன்னது தெளிவாக இல்லை என்று பொருள். இரண்டாவது சோதனையில் வீடியோவை ஒவ்வொரு நிலைப்படியிலும் நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் குரல் முந்தைய அறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், தாமதம் தொடங்கியது அதற்கு முந்தைய அறையில். திருத்தவேண்டிய வாக்கியமும் அங்கேதான் இருக்கும்.

விலை, முன்பணம், எப்போது குடிபோகலாம் என்பவை வாரத்துக்கு வாரம் மாறுபவை. அவற்றைக் குரலில் சேர்க்காமல் திரை எழுத்தாக வைத்தால் மாறும்போது எழுத்தை மட்டும் மாற்றலாம். வீட்டிலேயே ஏதாவது மாறினாலும், உதாரணமாகச் சின்னப் படுக்கையறையில் அலமாரியை எடுத்துவிட்டால், அந்த அறையின் 20 விநாடிப் படத்தையும் அதன் கோப்பையும் மட்டும் புதிதாக எடுத்து அதே 1:26இல் வைத்துவிடலாம். அதே குரல், அதே மைக் தூரம், அதே அறை என்பதில் மட்டும் மாற்றம் கூடாது.